பதினைந்தாம் எண் படிவம்

நவம்பர் 4

இன்று நான் சொல்லாமல் விட்டது: மில்லுக்குப் பின்னால் இருக்கும் சபையில் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்பவர் என் அப்பா.

எங்கள் ஆய்வு மையத்தின் காலைக் கூட்டத்தில் தலைவர் வசுமதி மேடம் வரைபடத்தை மேஜையில் விரித்துவைத்து, இந்த ஊர் யாருக்காவது பழக்கமா என்று கேட்டார். திருச்செந்தூர் சாலையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த குழுக்கள் இரண்டு. பதினான்காம் எண், பழைய பஞ்சு மில்லுக்குப் பின்னால் கூடும் ஒரு கிறிஸ்தவச் சபை. பதினைந்தாம் எண், அதே தெருவில் அச்சகத்து மாடியில் நடக்கும் முஸ்லிம் பெண்கள் வகுப்பு. பெண்கள் வகுப்புக்குள் ஆண்களை அனுப்ப முடியாது என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஊருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மைதான். அங்கே நான் பிறந்தேன் என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் சொன்னேன்.

மேடம் இரண்டு படிவங்களையும் என்னிடமே தந்துவிட்டார். "ஒரே பஸ்ல ரெண்டு வேலையும் முடிஞ்சிரும் பெர்சிஸ்."

ஆய்வின் பெயர் "தென்மாவட்டங்களில் அடிப்படைவாதம்: ஓர் ஒப்பீடு". படிவத்தில் ஒன்பது கேள்விகள். அவை எங்கள் மையம் உண்டாக்கியவை அல்ல. எண்பதுகளின் முடிவிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை சிகாகோவில் நடந்த பெரிய ஆய்வுத் திட்டத்தில், உலகத்து மத இயக்கங்களை அடுக்கிவைத்து அறிஞர்கள் கண்ட பொது அடையாளங்கள். ஐந்து நம்பிக்கையைப் பற்றியவை: மதம் ஓரங்கட்டப்படுவதற்கு எதிராக எழுவது, மரபிலிருந்தும் நவீனத்திலிருந்தும் வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்வது, உலகத்தை ஒளி, இருள் என்று இரண்டாகப் பிரிப்பது, வேதம் பிழையற்றது என்பது, இறுதிக்காலத்தை எதிர்நோக்குவது. நான்கு அமைப்பைப் பற்றியவை: தாங்கள் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் என்ற எண்ணம்; வெளியாருடன் கூர்மையான எல்லை; கேள்வி கேட்க முடியாத தலைமை; நடை உடைக்கு விதிகள்.

அங்கே அதையெல்லாம் கட்டுரைகளாக விவாதித்தார்கள். மேடம் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண் வைத்தார். மொத்தம் பதினெட்டு. பன்னிரண்டும் அதற்கு மேலும் வந்தால் அந்தக் குழு "அடிப்படைவாத அமைப்பு" என்ற பட்டியலில் சேரும்.

மேடத்திடம்தான் என் முனைவர் பட்ட ஆய்வும். மூன்றாம் இயல் இந்தச் சொல்லைப் பற்றியது, இந்தச் சொல்லை ஏன் பயன்படுத்தக்கூடாது என்பவர்களைப் பற்றியது.


நவம்பர் 9

அச்சகத்து மாடிக்குப் போனேன். படியில் மை வாசனை. கீழே இயந்திரம் ஓடும்போது மாடித் தரை லேசாக அதிர்கிறது.

வகுப்பு நடத்துபவர் பெயர் ஜுலைகா. நாற்பது வயது இருக்கும். பி.எஸ்சி. வேதியியல். பிள்ளைகள் லாத்தா என்று கூப்பிடுகிறார்கள், அவர்கள் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் சொல். நாலு மணிக்கு ஓதுதல், குர்ஆன் விளக்கம். ஐந்தரைக்குப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கணக்கும் அறிவியலும். பெரியவளானதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பெண்கள் பதினொரு பேர், வரும் மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வர்களாக எழுதப்போகிறார்கள். ஓதப் போகிறாள் என்பதால்தான் அவர்களின் வாப்பாமார் வீட்டைவிட்டு வெளியே அனுப்புகிறார்கள். மாடியில் ஆண்கள் ஏறுவதில்லை என்பதால்தான் இந்த மாடிக்கு அனுப்புகிறார்கள். இந்த இடம் போனால் பரீட்சையும் போய்விடும் என்று ஜுலைகாவே சொன்னார், யாரோ ஒருவர் வீட்டு விஷயம் போல.

எனக்கு வேண்டியதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். தர்காவில் கொடியேற்றுவது, நேர்ச்சை வைப்பது எல்லாம் தவறு என்று கற்றுக்கொடுக்கிறார். போட்டோ வைப்பதில்லை. வேதத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சினிமாப் பாட்டு கூடாது. இவையெல்லாம் மார்க்கத்தில் இருப்பவை, தான் கூட்டியது எதுவும் இல்லை என்றார்.

எதற்காக இதெல்லாம் என்று கேட்டார். ஆராய்ச்சி, பெயர் வராது என்றேன்.

"ஆராய்ச்சின்னா முடிவ எழுதி வெச்சிட்டுத்தான வருவீங்க?" என்று சிரித்தார். பிறகு, "சும்மா சொன்னேன் தங்கச்சி. எழுதுங்க. நம்மள்ட்ட ஒளிக்க என்ன இருக்கு."

ரிஸ்வானா என்ற பெண் அமில காரச் சமன்பாட்டைத் தப்பாக எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இரண்டு விரலைக் காட்டினேன். சரியாகத் திருத்திவிட்டாள். ஜுலைகா பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.


நவம்பர் 11

விடுதியில் தண்ணீர் இல்லை. இரண்டு வாளிக்கு முக்கால் மணி நேரம் வரிசை.


நவம்பர் 16, ஞாயிறு

வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளை மல் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு சபைக்குப் போனேன். பெண்கள் பக்கம், ஜன்னலோரம், பதினெட்டு வருஷம் உட்கார்ந்த அதே பெஞ்சு. அப்பம் பிட்கும்போது சபை ஐக்கியத்தில் சேராதவர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை, பாட்டைத் தவிர. சுவரில் காலங்களின் படம், ஏதேனிலிருந்து நியாயத்தீர்ப்பு வரை, வட்டம் வட்டமாக. அப்பா கோலால் கடைசி வட்டத்துக்கு முந்தின இடத்தைத் தொட்டு, நாம் இங்கே நிற்கிறோம், இன்று சாயங்காலமே கர்த்தர் வரலாம் என்றார். நான் எதையும் குறிப்பெடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை.

சாப்பாட்டின்போது, மையத்திலிருந்து கடிதம் வந்தது, மூப்பர்கள் சம்மதித்துவிட்டார்கள், இன்னும் யாரும் வரவில்லையே என்று அப்பா கேட்டார். வருவார்கள் என்றேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். அது வசதியாக இருந்தது.

சாப்பிட்ட பிறகு அலமாரியைத் திறந்து துணியில் சுற்றியிருந்த புத்தகங்களை எடுத்தார். சின்ன வயதில் தொடக்கூடாது என்று சொல்லப்பட்டவை. பன்னிரண்டில் ஏழு மிஞ்சியிருக்கின்றன. அமெரிக்காவில் 1910க்கும் 1915க்கும் நடுவில் அச்சாகி, உலகம் முழுவதும் போதகர்களுக்கும் மிஷனரிகளுக்கும் இலவசமாக அனுப்பப்பட்டவை. கலிபோர்னியாவில் எண்ணெய்த் தொழில் செய்த இரண்டு சகோதரர்களின் கொடை. மொத்தம் முப்பது லட்சம் பிரதிகள் என்பார்கள். வேதத்தைப் பழைய கதைத் தொகுப்பு போலப் பிரித்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வு முறைக்கு எதிராகவும், டார்வினுக்கு எதிராகவும், விசுவாசத்தின் அஸ்திவாரங்கள் இவை என்று எழுதப்பட்டவை. இந்த ஏழும் ஒரு மிஷனரி அம்மாள் வழியாகத் தாத்தாவின் அப்பாவிடம் வந்திருக்கின்றன.

"உலகம் இன்னிக்கி அந்த வார்த்தையத் திட்டுறதுக்கு வெச்சிருக்கு பாப்பா," என்றார் அப்பா. "அது நம்ம ஆளுங்க தங்களுக்குத் தாங்களே வெச்ச பேரு. அஸ்திபாரத்துக்காகப் போராடுறவன்னு அர்த்தம்."

அப்பா சொன்னது சரி. ஆண்டுகூடச் சரியாகச் சொல்ல முடியும்: 1920. ஒரு பாப்டிஸ்ட் வாரப் பத்திரிகையின் ஆசிரியர், அஸ்திவாரங்களுக்காகப் போர் செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று அதை உண்டாக்கினார். பெருமைக்காக. ஐந்தே வருஷத்தில், டென்னசியில் பரிணாமம் கற்பித்த ஒரு பள்ளி ஆசிரியர் மீது வழக்கு நடந்தபோது, நகரத்துப் பத்திரிகைகள் அதைக் கேலிச்சொல்லாக்கின. பட்டிக்காடு, மடமை, பிடிவாதம். 1979இல் ஈரானில் புரட்சி வந்ததும் அது கடல் தாண்டிற்று. அன்றிலிருந்து முஸ்லிம்களுக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் கேட்டு வாங்கிய பெயர் அல்ல. இன்று அரபியில் அதற்கு இருக்கும் சொல்கூட இந்தச் சொல்லை வைத்துப் பின்னால் வார்த்ததுதான்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை. புத்தகங்களைத் துணியில் திரும்பச் சுற்ற உதவினேன்.


நவம்பர் 20

படிவங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். பதினான்கு: 8. பதினைந்து: 14.

மதியம் புளிசாதம். சளி பிடிக்கிறது போலிருக்கிறது.


டிசம்பர் 3

மூன்றாம் இயலை மேடம் படித்துவிட்டார். இதுவரை நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது என்றார்.

என்ன எழுதினேன் என்பதை இங்கே சுருக்கமாக வைத்துக்கொள்கிறேன். இது ஒரு புராட்டஸ்டண்ட் சட்டை. அந்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததை எல்லார் மேலும் மாட்டினால் ஒருவருக்குக் கை நீளும், ஒருவருக்குத் தோள் இறுகும். வேதம் பிழையற்றது என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கச் சபைகளுக்குள் அது ஒரு சண்டைக்கோடு. ஒரு பக்கம் ஏற்பவர், மறுபக்கம் மறுப்பவர். முஸ்லிம்களிடம் அது கோடே இல்லை. அநேகமாக எல்லாருமே வேதம் இறைவனின் சொல் என்றே கருதுவதால், அந்தக் கேள்வி பால்காரரையும் பிடிக்கும், பெண்கள் கல்லூரி முதல்வரையும் பிடிக்கும். கறுப்பு அங்கி யூதர்களுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருள் கொள்வது பெரிதல்ல, சட்டத்தை நாள்தோறும் வாழ்வதே பெரிது. இந்துக்களில் எந்த ஒற்றை வேதத்தைப் பிடிப்பது? அமைதியாக ஒதுங்கி வாழ்பவரையும் ஆயுதம் எடுப்பவரையும் அந்தச் சொல் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிறது. யாரும் இன்று அதைத் தனக்குச் சொல்லிக்கொள்வதில்லை, அடுத்தவருக்குத்தான். ஆகவே பார்க்கப்படுபவரைவிடப் பார்ப்பவரைப் பற்றி அது அதிகம் சொல்கிறது.

சொல் வேண்டும் என்பவர்களையும் நியாயமாகவே எழுதினேன். சிகாகோ அறிஞர்கள் இந்தக் குறைகளை அறியாதவர்கள் அல்ல. முதல் தொகுதியின் முதல் பக்கங்களிலேயே தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார்கள். ஒரே சாயல் அல்ல, ஒரு குடும்பத்துக்குள் மூக்கு ஒருவருக்கும் நெற்றி இன்னொருவருக்கும் ஒத்துப்போகிற மாதிரியான சாயல் என்றார்கள். வேறு நல்ல சொல் கிடைக்கும் வரை இது என்றார்கள்.

மேடம் அந்தக் கட்சி. "காய்ச்சல்னு ஒரு வார்த்தை இல்லாம எப்படிம்மா வைத்தியம் பாக்கிறது?" என்றார்.

தெர்மாமீட்டரைப் பிடிக்கும் கை சூடாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.


டிசம்பர் 12

முத்துவேல் அண்ணன் படிவங்களை முடித்துவிட்டார்.

எங்கள் மையத்தில் ஒரு நடைமுறை உண்டு. களத்துக்குப் போனவர் போடும் மதிப்பெண்ணை மட்டும் நம்புவதில்லை. அவருடைய குறிப்புகளிலிருந்து பெயர், ஊர், மதம் எல்லாவற்றையும் நீக்கி, வேதம், தலைத்துணி, கூடுகை என்று பொதுச் சொற்களாக மாற்றி, வேறொருவரிடம் கொடுப்பார்கள். அவர் தனியாக மதிப்பெண் போடுவார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் களத்துக்குப் போனவர் போட்டதே நிற்கும். முத்துவேல் அண்ணன் இருபது வருஷமாகக் கணக்கெடுப்பு வேலை பார்ப்பவர். மதம் அவருக்கு அலுப்பு தரும் விஷயம்.

நீக்கி எழுதியதில் சபைக்கு "அ" என்றும் வகுப்புக்கு "ஆ" என்றும் பெயர். அப்பாவின் படம், கடைசி வட்டம், பின்வரிசை, மூப்பர்கள் எல்லாவற்றையும் குறிப்பில் நான் விடாமல் எழுதியிருந்தேன். குறிப்பில் பொய் இல்லை.

"அ"வுக்கு அவர் போட்டது 14. "ஆ"வுக்கு 10.

"இந்த 'அ' யாரும்மா? கொஞ்சம் கெட்டியான ஆளுங்கதான் போல," என்றார் டீயை ஊதிக்கொண்டே. "'ஆ' பரவால்ல. அந்த லாத்தா... இல்ல, அந்த டீச்சரம்மா பரீட்சைக்குப் படிக்கவெக்காங்க. லாத்தான்னு ஒரு இடத்துல அழிக்காம விட்டுட்டீங்க, அதுல எந்த ஆளுங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன். அப்பவும் பத்துதான் போட்டேன்."

நான் போட்டதற்கு நேர் எதிர். "அ" எட்டு, "ஆ" பதினான்கு. அவர் என் தாளையும் தன் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்று பார்ப்பது போல.

"நீ நேர்ல போனவ. எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார். விட்டுக்கொடுத்துவிட்டார். மேடமும் அதையே சொன்னார். "உன் மார்க்கே நிக்கட்டும் பெர்சிஸ்."

சரி மேடம் என்றேன்.


டிசம்பர் 13

எழுதிவிடலாம். யாரும் படிக்கப்போவதில்லை.

இறுதிக்காலம். சபையின் சுவரில் எட்டடிப் படம் இருக்கிறது. அதற்கு நான் போட்டது ஒன்று: "மென்மையான எதிர்பார்ப்பு". ஜுலைகா மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு முறை, மறுமையில் கேள்வி உண்டு, காப்பியடிக்காதீங்க என்று ஒரு பெண்ணிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் போட்டது இரண்டு.

நடை உடை. என் தலையில் மல் துணி: "மரபு", ஒன்று. ரிஸ்வானாவின் தலையில் துணி: அதற்கும் ஒன்று. இதில் மட்டும் நியாயமாக இருந்திருக்கிறேன்.

எல்லை. தர்காக் கொடியேற்றத்துக்குப் போய்விட்டு வந்த ஒரு பெண் மறுநாள் வகுப்பில் மிட்டாய் கொடுத்தாள். ஜுலைகா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். கூர்மையான எல்லை: இரண்டு.

தலைமை. சபைக்குப் பூஜ்யம் போட்டேன். "மூப்பர்கள் கூட்டாக முடிவெடுக்கிறார்கள்" என்று காரணம் எழுதினேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த மூப்பர்கள் கூட்டாக முடிவெடுத்து என் அக்கா லோயிசை ஐக்கியத்துக்குப் புறம்பாக்கினார்கள். வேறு சபைக்காரனான சி.எஸ்.ஐ. பையனைக் கல்யாணம் செய்ததற்காக. முடிவை வாசித்தது அப்பா. அதன்பிறகு அவர் அவளோடு ஒரே மேஜையில் சாப்பிட்டதில்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அம்மா அடுக்களையில் வைத்துச் சோறு போட்டாள். நான் நடுவில் நின்று தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், அடுக்களைக்கு ஒரு தடவை, கூடத்துக்கு ஒரு தடவை.

அதற்குப் பூஜ்யம்.

அப்பாமேல் உள்ள பாசம் என்று சொல்லிப் பார்த்தேன். அது முழு உண்மை இல்லை. பட்டியலில் அவர்கள் வந்தால், அங்கிருந்து வந்தவள் நான் என்பதும் வந்துவிடும். மையத்தில் நான் படித்தவள், எல்லாவற்றையும் கடந்து வந்தவள். அந்தச் சொல் என் வீட்டு வாசலில் நிற்கக்கூடாது. அதனால் அடுத்த வாசலைக் காட்டிவிட்டேன். அந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்று நாற்பது பக்கம் எழுதியவள்தான்.


டிசம்பர் 25

அப்பாவின் சபை கிறிஸ்துமஸ் கொண்டாடாது. வேதத்தில் இல்லை. அம்மா வழக்கம்போல இட்லி சுட்டாள்.


ஜனவரி 8

அறிக்கை வெளிவந்துவிட்டது. ஒத்துழைத்த ஒவ்வொரு குழுவுக்கும் அதன் எண்ணைக் குறித்து ஒரு பிரதி போயிற்று. அது மேடத்தின் நாகரிகம்.

ஒரு நாளிதழ் உள்ளூர்ப் பதிப்பில் அரைப்பக்கம் போட்டிருக்கிறது. அறிக்கையில் ஊர் பெயர் இல்லை. நிருபர் விசாரித்து எழுதியிருக்கிறார்: திருச்செந்தூர் சாலையில், அச்சகம் ஒன்றின் மாடியில், பெண்களுக்கான அடிப்படைவாத வகுப்பு. அந்தச் சாலையில் மாடியுள்ள அச்சகம் இன்னொன்று இல்லை. அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்க அடிக்குறிப்பில், "இச்சொல் குற்றச்சாட்டு அல்ல, ஆய்வு வகைப்பாடு மட்டுமே" என்று நான்தான் எழுதினேன். அடிக்குறிப்பை நாளிதழ் எடுக்கவில்லை.


ஜனவரி 11, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன், சபைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

அப்பா அறிக்கையை வாசித்துவிட்டார். பதினான்காம் எண்ணுக்கு எதிரே இருந்ததைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினார். "மரபை விடாத, அமைதியான, தீங்கற்ற குழு."

"தீங்கற்ற," என்றார் மறுபடியும். "நாப்பது வருஷமாப் பிரசங்கம் பண்றேன். எங்களால ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலன்னு எழுதியிருக்கான். அந்த மாடிக்காரங்களுக்கு அந்தப் பேரைக் குடுத்திருக்கான், பாத்தியா."

அவர் குரலில் இருந்தது பொறாமை என்று எழுதுவதற்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அதுதான்.

முகப்பில் என் பெயரைப் பார்த்திருந்தும், சொந்தச் சபையை மகளிடம் விட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைத்திருக்கிறார். யார் வந்து பார்த்தார்கள் என்றே தெரியவில்லை, எங்கோ பின்வரிசையில் இருந்து பார்த்துவிட்டுப் போயிருப்பான் என்றார். அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு மோர் ஊற்றினாள்.


ஜனவரி 14

பொங்கலுக்கு விடுதி காலி. நானும் சமையல் அக்காவும் மட்டும்.

ஜுலைகா பேசினார். விடுதித் தொலைபேசியில்.

அச்சகத்துக்காரர் இந்த மாதக் கடைசிக்குள் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரை மட்டும் மேஜைமேல் வைத்தாராம். போலீஸ்காரர் ஒருவர் வந்து பெண்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அன்றைக்கே இரண்டு வாப்பாமார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். போலீஸ் நோட்டில் பேர் வந்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்று கேட்டார்களாம்.

கோபமாகப் பேசவில்லை. வேதியியல் பாடம் நடத்துகிற குரல்.

"ஒரு கடுதாசி போதும் தங்கச்சி. உங்க ஆபீஸ் கடுதாசி. இது பரீட்சைக்குப் படிக்கிற எடம், பேப்பர்காரன் சொல்ற மாதிரி இல்லன்னு ரெண்டு வரி. அத வாப்பாமாருக்கும் காட்டுவேன், அச்சாபீஸ்காரருக்கும் காட்டுவேன். பிள்ளைங்க மார்ச்சில எழுதிருவாங்க."

மேடத்திடம் கேட்கிறேன் என்றேன்.

அவர் யாரையோ கதவைச் சாத்தச் சொன்னார். பின்னால் ஒரு குழந்தை அழுதது.

"நம்பர் பதினாலு யாருன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம நான் மாடியில இருந்து துணி காயப்போடுவேன். வெள்ளத் துணியத் தலையில போட்டுட்டுப் போறவங்களப் பாப்பேன். அழகா இருக்கும். நவம்பர்ல உங்களயும் பாத்தேன்."

சமையல் அக்கா சாப்பிட வரச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."


ஜனவரி 19

மேடத்திடம் கேட்டேன், பாதியை மட்டும். பதினைந்தாம் எண்ணில் மதிப்பெண் கூடிவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது, ஒரு விளக்கக் கடிதம் கொடுக்கலாமா என்றேன்.

அவர் நேர்மையான பெண். முகம் மாறிவிட்டது. உடனே இரண்டு படிவங்களையும் முத்துவேல் அண்ணனின் தாள்களையும் எடுத்துவரச் சொன்னார். வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் திருத்த வேண்டும், அப்போது பதினான்கு பட்டியலுக்குள் வரும், பதினைந்து வெளியே போகும், திருத்தம் அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்ப வேண்டும், அனுப்பிவிடலாம் என்றார். "தப்புன்னா தப்புன்னு போடுவோம். அதுல வெக்கமில்ல. ஆனா ஏன் இப்படிப் போட்டேன்னு காரணம் எழுதிக் குடு. ரெண்டு பக்கமும் இவ்வளவு சாஞ்சிருக்கே, எப்படி?"

காரணத்தை எழுதினால் களத்துக்கும் எனக்கும் உள்ள உறவு வரும். மறைத்தது வரும். பட்டம் மேடத்தின் கையெழுத்தில் இருக்கிறது. அறிக்கையின் முகப்பில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது.

யோசித்து எழுதித் தருகிறேன் என்றேன்.

"சீக்கிரம்," என்றார்.


ஜனவரி 20

கடிதத்தை எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். "பதினான்காம் எண் குழு என் தந்தை ஊழியம் செய்யும் சபை" என்பது இரண்டாம் வரி. மேஜை இழுப்பறையில் வைத்தேன்.


ஜனவரி 27

மேடம் ஒரு கருத்தரங்குக்காக டெல்லி போயிருக்கிறார். திரும்பி வந்ததும் கொடுத்துக்கொள்ளலாம்.

வயிறு சரியில்லை. கஞ்சி.


பிப்ரவரி 2

மேடம் வந்துவிட்டார். காரணம் கேட்கவில்லை, மறந்திருப்பார். நானும் நினைவூட்டவில்லை.

லோயிஸ் அக்கா பேசினாள். சும்மாதான். பிள்ளைக்குப் பல் விழுந்திருக்கிறதாம். ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "உனக்கு எப்பவும் ஒண்ணும் இருக்காதுல்ல," என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.


பிப்ரவரி 9

பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். மாடியில் துணி காயவில்லை. ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. நான் இறங்கவில்லை, அடுத்த ஊர் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.


பிப்ரவரி 23

வாய்மொழித் தேர்வுக்கு முன்னோட்டம். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் மூன்றாம் இயலைப் பற்றியே கேட்டார். ஒரு சொல் பிறந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து போகும்போது யாருக்குச் சேதம் என்று கேட்டார். பதில் சொன்னேன். நல்ல பதில். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.


மார்ச் 15

ரிஸ்வானாவிடமிருந்து அஞ்சலட்டை. கையெழுத்து அழகாக இருக்கிறது. தேர்வுக்கூடம் பக்கத்து ஊர்ப் பள்ளி என்றும், லாத்தா வந்து கூட்டிப்போனால் அனுப்புவதாக வாப்பா சொன்னதாகவும், ஆனால் லாத்தா காயல்பட்டினத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகவும், நான் வர முடியுமா என்றும் கேட்டிருந்தாள். முதல் பரீட்சை முந்தாநாள் முடிந்துவிட்டது. அட்டை வந்து சேர ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. இல்லை. ஐந்து நாள்தான். நான்கு நாள் என் மேஜையில் கிடந்தது.


ஏப்ரல் 6

கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து மேடத்திடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்தார். தேதியைப் பார்த்தார். ஜனவரி இருபது என்று இருந்தது, நான் மாற்றவில்லை.

அவர் திட்டவில்லை. மூன்றாம் இயலில் இதையும் ஓர் உதாரணமாகச் சேர்த்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றார். முதலில் கேலி என்று நினைத்தேன். கேலி இல்லை.


ஜூன் 18

திருத்தம் மே மாதம் அச்சானது. நாளிதழ் அதைப் போடவில்லை. புதிய பட்டியலில் பதினான்காம் எண் இருக்கிறது. அப்பா அந்தப் பக்கத்தை அந்த ஏழு புத்தகங்களோடு துணிக்குள் வைத்திருக்கிறார். முதலில் எட்டு போட்டு மறைத்தது யார் என்று அவருக்கு அம்மா சொல்லிவிட்டாள். என்னோடு பேசுகிறார். ஒரே மேஜையில் சாப்பிடுவதில்லை.

எனக்குப் பட்டம் கிடைத்தது. அச்சகத்து மாடியில் இப்போது காகிதக் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்துவிட்டன. பதினொரு பேரில் பரீட்சை எழுதியவர்கள் இரண்டு பேர். ரிஸ்வானா எழுதவில்லை.